எல்லை கடைசியில் வரட்டும்

ரியல் அனாலிசிஸ் தாளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. தொடர்முறையின் முதல் உறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததைப் பெற ஒரு சூத்திரமும் கொடுப்பார்கள். இந்தத் தொடர்முறை ஒருங்குமா, ஒருங்கினால் அதன் எல்லை என்ன என்று கேட்பார்கள். விடைத்தாள்களைப் புரட்டினால் பெரும்பாலானவற்றில் முதல் வரியே "எல்லை L என்க" என்றுதான் இருக்கும். அந்த வரியிலேயே பாதிக் கணக்கு கெட்டுப்போகிறது.

நான் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாலை வேளையில் சில பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். தேவகோட்டையிலிருந்து ஒரு பெண், பள்ளத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர், உள்ளூர்க்காரர்கள் சிலர். கரும்பலகையைத் தூணில் சாய்த்து வைத்திருக்கிறேன். சாக்பீஸ் தூள் ஆத்தங்குடிக் கல் தரையில் கொட்டிக்கிடக்கிறது என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குவேன். இந்தப் பாடத்துக்கு அவர்களுக்கு நான் கொடுப்பது ஒரே ஒரு சூத்திரம்தான்:

```
aₙ₊₁ = (aₙ² + c) / 4
```

c-யையும் a₁-ஐயும் மாற்றிக்கொண்டே போனால் போதும். பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் √(2 + aₙ) நல்ல கணக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது ரொம்ப சாது. எங்கே தொடங்கினாலும் 2-க்குப் போய்ச் சேர்ந்துவிடும். தப்பும் தவறுமாக எழுதினாலும் விடை சரியாக வந்துவிடுகிற கணக்கில் பிள்ளைகளுக்கு என்ன பிடிபடும்?

முதலில் c = 3 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் aₙ₊₁ = (aₙ² + 3)/4 ஆகிறது. a₁ = 4 என்று தொடங்கச் சொன்னேன். தேவகோட்டைப் பெண் மளமளவென்று எழுதிவிட்டாள். எல்லை L என்றால் L = (L² + 3)/4. அதாவது L² − 4L + 3 = 0. ஆகவே L = 1 அல்லது L = 3. தொடங்கியது 4-இல், அதற்குப் பக்கத்தில் இருப்பது 3, எல்லா உறுப்பும் 3-க்கு மேல்தான் இருக்கின்றன, அதனால் எல்லை 3.

"கீழே பவுண்டட்னு காட்டிட்டேன் சார். அது போதும்ல?"

"சரி, நாலு உறுப்பு எழுதிப் பாரும்மா" என்றேன்.

4, 4.75, 6.39, 10.96, 30.78. நான்காவது எண்ணை எழுதும்போதே அவள் கை நின்றுவிட்டது.

இயற்கணிதத்தில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. L = 1 அல்லது 3 என்பது உண்மைதான், ஆனால் எதற்கு உண்மை என்று பார்க்க வேண்டும். எல்லை என்று ஒன்று இருந்தால் aₙ போகும் இடத்துக்கே aₙ₊₁-உம் போகும். அது அதே வரிசைதானே, ஓர் இடம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். aₙ² என்பது L²-க்குப் போகும். ஆகவே சூத்திரத்தின் இரண்டு பக்கமும் எல்லை எடுத்தால் L-க்கு ஒரு சமன்பாடு கிடைக்கும். இந்த வாதம் முழுக்க "இருந்தால்" என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. எல்லை இல்லாத தொடர்முறைக்கும் இதே சமன்பாட்டை எழுதலாம், அதுவும் தாராளமாக இரண்டு விடை கொடுக்கும். அந்த விடைகளுக்கு நிலைப்புள்ளிகள் என்று பெயர். அங்கேயே தொடங்கினால் அங்கேயே நிற்கும் என்பது மட்டும்தான் அவை தரும் உத்தரவாதம்.

அப்படியென்றால் எல்லை இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? இந்த வகைக் கணக்குகளில் முக்கால்வாசிக்குக் கைகொடுப்பது ஓரியல்புத் தேற்றம். ஓரியல்பு என்றால் ஒரே திசையில் போவது. மெய்யெண் தொடர்முறை ஒன்று ஏறுமுகமாகவே போய், மேலே ஒரு வரம்பும் இருந்தால் அது ஒருங்கும். இறங்குமுகமாகவே போய், கீழே ஒரு வரம்பு இருந்தாலும் ஒருங்கும். ஏறுகிறவனுக்கு மேலேதான் தடுப்பு வேண்டும். அந்தப் பெண் எழுதியது ஏறுமுகத் தொடர்முறை. அதற்குக் கீழ் வரம்பு காட்டுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏறுமுகத் தொடர்முறை எல்லாவற்றுக்கும் முதல் உறுப்பே கீழ் வரம்பாக இருந்துவிடும். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்திருக்கும் பிழை இதுதான். "வரம்புடையது" என்ற சொல் எங்கேயாவது வந்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த மாலை முழுவதும் c = 3-ஐ விட்டு நகரவில்லை. மூன்று கழித்தல்களைப் பலகையில் எழுதி வைத்தேன்.

```
aₙ₊₁ − aₙ = (aₙ − 1)(aₙ − 3) / 4
aₙ₊₁ − 1  = (aₙ − 1)(aₙ + 1) / 4
aₙ₊₁ − 3  = (aₙ − 3)(aₙ + 3) / 4
```

முதல் வரி திசையைச் சொல்லும். aₙ என்பது 1-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால் பெருக்கற்பலன் குறை எண், அதாவது அடுத்த அடி கீழே. 1-க்குக் கீழே இருந்தாலும், 3-க்கு மேலே இருந்தாலும் அடுத்த அடி மேலே. இரண்டாவதும் மூன்றாவதும் வேலியைச் சொல்லும். மிகை எண்களில் இருக்கும்வரை 1-க்கு மேலே இருப்பது 1-க்கு மேலேயே இருக்கும், 3-க்குக் கீழே இருப்பது 3-க்குக் கீழேயே இருக்கும். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

a₁ = 2 என்று தொடங்குங்கள். 2, 1.75, 1.516, 1.324, 1.188, 1.103, 1.054 என்று இறங்கும். எல்லா உறுப்பும் 1-க்கும் 3-க்கும் நடுவில் இருப்பதைக் கணிதத் தொகுத்தறிதலால் கடைசி இரண்டு வரிகள் காட்டிவிடுகின்றன. அது தெரிந்ததும் முதல் வரி இறங்குமுகம் என்கிறது. கீழ் வரம்பு 1 இருக்கிறது. ஆகவே ஒருங்கும். இனிமேல்தான் "எல்லை L என்க" என்று எழுத உரிமை வருகிறது. L = 1 அல்லது 3. இரண்டில் 3 ஏன் இல்லை? தொடங்கியதே 2, அதிலிருந்து இறங்கிக்கொண்டே போகிறது. எல்லை 2-ஐத் தாண்ட முடியாது. எனவே 1. இந்தக் கடைசி வரியை எழுதாமல் "L = 1" என்று மட்டும் முடிப்பவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பதுண்டு. இரண்டு விடை வந்த இடத்தில் ஒன்றைத் தள்ளினால், ஏன் தள்ளினோம் என்று சொல்ல வேண்டாமா?

a₁ = 0 என்றால் 0, 0.75, 0.891, 0.948 என்று கீழிருந்து 1-ஐ நோக்கி ஏறும். இங்கே பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் நல்ல கேள்வி கேட்டான். மேல் வரம்பு 1 என்று புத்தகம் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறது, அது எப்படித் தெரிந்தது? 100 என்று எடுத்தால் ஆகாதா?

ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 100 என்பதும் உண்மையிலேயே இந்தத் தொடர்முறைக்கு ஒரு மேல் வரம்புதான், அதில் பொய் இல்லை. ஆனால் தொகுத்தறிதலில் அதை நிரூபிக்க முடியாது. aₙ < 100 என்று மட்டும் தெரிந்தால் அடுத்த உறுப்பு பற்றி நமக்குக் கிடைப்பது aₙ₊₁ < 10003/4, அதாவது 2500.75. நூறில் நுழைந்து இரண்டாயிரத்து ஐந்நூறில் வெளியே வந்தால் வேலி எங்கே நின்றது? வேலியாக எடுக்கும் எண் M தன்னையே காத்துக்கொள்ள வேண்டும். M-ஐச் சூத்திரத்தில் போட்டால் M-ஐத் தாண்டாத எண் வர வேண்டும். (M² + 3)/4 ≤ M என்பதைத் தீர்த்தால் (M − 1)(M − 3) ≤ 0. ஆக 1-இலிருந்து 3 வரை எந்த எண்ணும் வேலியாகும். 2 என்று எடுத்தாலும் சரி: aₙ < 2 என்றால் aₙ₊₁ < 7/4, அது 2-க்குள் அடக்கம். புத்தகம் 1-ஐ எடுப்பது ஒரு வசதிக்காக. இதைப் பார்த்துவிட்டால் மேல் வரம்பு எங்கிருந்து வருகிறது என்ற மர்மம் கலைந்துவிடும். கரட்டுத்தாளில் நிலைப்புள்ளிகளைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, நானும் அப்படித்தான் செய்வேன். விடைத்தாளில் மட்டும் அதை எல்லை என்று அழைக்காமல் வேலி என்று பயன்படுத்துங்கள்.

திசையைக் கண்டுபிடிக்க இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. மிகை எண்களில் x கூடினால் (x² + 3)/4-உம் கூடும். அதனால் a₂ < a₁ என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். இரண்டையும் சூத்திரத்துக்குள் அனுப்பினால் a₃ < a₂, மறுபடி அனுப்பினால் a₄ < a₃. முதல் அடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கடைசிவரை. ஆனால் சூத்திரம் வரிசையைக் காப்பாற்றும் இடங்களில்தான் இது செல்லும். அந்தக் காரணத்தை எழுதாமல் "a₂ < a₁, a₃ < a₂, ஆகவே இறங்குமுகம்" என்று இரண்டு உறுப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் அது நிரூபணம் ஆகாது. அது எங்கே காலை வாரும் என்பது கடைசியில் வருகிறது.

a₁ = 4-க்குத் திரும்பலாம். அது ஒருங்காது என்பதைக் கால்குலேட்டர் காட்டிவிட்டது. நிரூபிப்பது எப்படி? அதே தேற்றமே போதும் என்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியம். 3-க்கு மேலே இருப்பதால் தொடர்முறை ஏறுமுகம். அதற்கு ஒரு மேல் வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது அது ஒருங்கியாக வேண்டும், எல்லை 1 அல்லது 3 ஆக வேண்டும். ஆனால் 4-இல் தொடங்கி ஏறுகிற தொடர்முறையின் எல்லை 4-ஐவிடக் குறைய முடியாது. முரண்பாடு. எனவே மேல் வரம்பு கிடையாது, தொடர்முறை விரிகிறது. தேவகோட்டைப் பெண் முதலில் எழுதிய அதே இருபடிச் சமன்பாடுதான் இங்கேயும் வேலை செய்கிறது. அங்கே அவளை ஏமாற்றிய வரி இங்கே சாட்சி சொல்கிறது.

இரண்டு நிலைப்புள்ளிகளில் 1 எல்லோரையும் இழுக்கிறது, 3 எல்லோரையும் விரட்டுகிறது. 2.9-இல் தொடங்கினால் 2.853, 2.784, 2.688 என்று 3-ஐ விட்டு விலகிக்கொண்டே போய் 1-இல் சேரும். மூன்றாவது கழித்தலைப் பாருங்கள்: 3-க்கு அருகில் (aₙ + 3)/4 என்பது ஏறத்தாழ 6/4. 3-இலிருந்து இருக்கும் தூரம் ஒவ்வோர் அடியிலும் ஒன்றரை மடங்காகிறது. 1-க்கு அருகில் (aₙ + 1)/4 ஏறத்தாழ 2/4, தூரம் பாதியாகிறது.

விரட்டும் புள்ளி என்றால் என்ன என்பதை நான் விளக்கியதைவிட நன்றாக விளக்கியவர் பக்கத்து வீட்டு ஆச்சி. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "இது கடன் கணக்குத்தானே தம்பி" என்றார். வட்டிக்கடைப் புத்தகங்களைப் பார்த்தே வளர்ந்தவர். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கடன் bₙ₊₁ = 1.01 bₙ − 1000. இதன் நிலைப்புள்ளி ஒரு லட்சம். சரியாக ஒரு லட்சம் வாங்கியவன் ஆயுசுக்கும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பான். 99,000 வாங்கியவனுக்கு அடுத்த மாதம் 98,990, அப்புறம் இறக்கம் வேகம் பிடித்து ஒருநாள் கடன் தீரும். 1,01,000 வாங்கியவனுக்கு அடுத்த மாதம் 1,01,010. "வட்டியே ஆயிரத்துப் பத்து, கட்டுறது ஆயிரம். அப்புறம் முதல் எப்படிக் குறையும்?" என்றார் ஆச்சி. அவ்வளவுதான். bₙ₊₁ − 1,00,000 = 1.01 (bₙ − 1,00,000) என்று நான் பலகையில் எழுதியது அவர் சொன்னதையே. ஒன்றரைக்குப் பதில் 1.01 என்பதால் இங்கே விரட்டல் மெதுவாக நடக்கிறது, கடன்காரருக்கு முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது.

மெதுவாக நடப்பவைதான் ஆபத்தானவை. அடுத்து c = 4 என்று மாற்றினோம். இப்போது aₙ₊₁ − aₙ = (aₙ − 2)²/4. இது ஒருபோதும் குறை எண் ஆகாது, எங்கே தொடங்கினாலும் இறக்கம் கிடையாது. இரண்டு நிலைப்புள்ளிகளும் நெருங்கி வந்து 2-இல் ஒன்றாகிவிட்டன. a₁ = 0 என்று தொடங்கினால் எல்லா உறுப்பும் 2-க்குக் கீழேயே இருக்கும், ஏறுமுகம், மேல் வரம்பு 2, எல்லையும் 2. நிரூபணம் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. 2.01-இல் தொடங்கினால் ஏறுமுகமாகவே போய் விரியும். இடப்பக்கம் இழுக்கிறது, வலப்பக்கம் விரட்டுகிறது, இரண்டும் ஒரே புள்ளி.

நிரூபணம் சுலபம்தான், ஆனால் எண்களைப் போட்டுப் பார்ப்பவனுக்குப் பொறுமை போய்விடும். 0, 1, 1.25, 1.39, 1.48, 1.55, 1.60. நூறாவது உறுப்பு 1.96 வாக்கில். ஆயிரமாவது உறுப்பு 1.996. 2-க்கும் aₙ-க்கும் உள்ள தூரத்தை d என்று வைத்தால் அடுத்த தூரம் d − d²/4. தலைகீழாக்கிப் பார்த்தால் 1/d ஒவ்வோர் அடியிலும் கால் அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கூடுகிறது. ஆகவே n அடிக்குப் பின் தூரம் சுமார் 4/n. c = 3-இல் ஒவ்வோர் அடிக்கும் பாதியாகக் குறைந்த தூரம் இங்கே இன்னும் ஒரு தசம இடம் சரியாக வேண்டுமென்றால் பத்து மடங்கு அடி கேட்கிறது.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. கணினியில் போடுகிறவர்கள் பலர் "அடுத்தடுத்த இரண்டு உறுப்புக்கு நடுவில் வித்தியாசம் ரொம்பச் சின்னதானால் நிறுத்து" என்று எழுதுவார்கள். ஆயிரமாவது உறுப்பில் அந்த வித்தியாசம் d²/4, அதாவது சுமார் 0.000004. எல்லைக்கு இன்னும் இருக்கும் தூரமோ 0.004. வித்தியாசத்தைப் பார்த்து ஐந்து தசம இடம் சரி என்று நம்பினால் உண்மையில் மூன்றாவது இடமே சரியில்லை.

பள்ளத்தூர்ப் பையன்களுக்கு நான் கொடுத்த வீட்டுக்கணக்கு c = 4.0001. c-யின் மதிப்பைக் காகிதத்தில் சின்னதாக எழுதிக் கொடுத்தேன், கொஞ்சம் குறும்புதான். மறுநாள் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விரிதாளில் முதல் கட்டத்தில் 0, இரண்டாவதில் இந்தச் சூத்திரம், அப்புறம் கீழே இழுத்துவிட்டிருந்தான்.

```
=(A1^2+4.0001)/4
```

அறுநூறு வரிசை வரை இழுத்திருந்தான். கடைசி எண்கள் எல்லாம் 1.999 என்று தொடங்கின. "2-க்கு ஒருங்குது சார், ரொம்ப மெதுவா" என்றான். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "எல்லைச் சமன்பாட்டை எழுதிப் பாரு" என்றேன். L² − 4L + 4.0001 = 0. தன்மைகாட்டி 16 − 16.0004, குறை எண். மெய்யெண்களில் தீர்வே இல்லை. எல்லை இருந்தால் அது இந்தச் சமன்பாட்டைத் தீர்த்தாக வேண்டும், தீர்ப்பதற்கு எண்ணே கிடையாது, ஆகவே எல்லை இல்லை. "எல்லை L என்க" என்று தொடங்கி முழு விடையும் கிடைத்துவிடும் இடம் இப்படிப்பட்டதுதான். ஒருங்கும் என்று காட்ட அந்த வரி போதாது, ஒருங்காது என்று காட்டச் சில சமயம் அதுவே போதும்.

அவனுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. நேரடியாகவும் காட்டினேன். aₙ₊₁ − aₙ = ((aₙ − 2)² + 0.0001)/4. வர்க்கம் பூச்சியமானாலும்கூட ஒவ்வோர் அடியும் குறைந்தது 0.000025 ஏறியாக வேண்டும். நாற்பதாயிரம் அடிக்குக் குறைந்தது 1 ஏறும். எந்த வேலியும் இதற்குத் தாங்காது. பிறகு அவனையே 1,300 வரிசை வரை இழுக்கச் சொன்னேன். ஏறத்தாழ அறுநூறு வரிசைக்கு எண்கள் 1.99-க்கும் 2.01-க்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்புறம் 2.02, 2.1, 3 என்று வேகம் பிடித்து, ஆயிரத்து இருநூற்று ஐம்பது வரிசை வாக்கில் கட்டங்கள் நிறைய `#NUM!` என்று வந்து நின்றது. எண் அவ்வளவு பெரிதாகி விரிதாள் கையை விரித்துவிட்டது. அறுநூறாவது வரிசையில் நின்றுகொண்டு c = 4-உம் c = 4.0001-உம் வேறு வேறு கதை என்று எண்களை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். கழித்தலைக் காரணிப்படுத்தினால் ஒரே வரியில் தெரிகிறது.

இதுவரை சூத்திரம் வரிசையைக் காப்பாற்றியது, ஏறுமுகமோ இறங்குமுகமோ ஒன்று வாய்த்தது. c-யைக் குறை எண்ணாக்கினால் நிலைமை மாறுகிறது. c = −16, a₁ = 0 என்று போடுங்கள். அடுத்தது −4. அதற்கடுத்தது (16 − 16)/4 = 0. பிறகு −4, 0, −4, 0. மேலேயும் கீழேயும் வரம்பு இருக்கிறது, ஒருங்கவில்லை. நிலைப்புள்ளிகள் 2 + 2√5, 2 − 2√5 என்று இரண்டு இருக்கின்றன, இந்தத் தொடர்முறை அவற்றின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வரம்பு மட்டும் இருந்தால் ஒருங்கும் என்று எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும். குறை எண்களில் x கூடும்போது x² குறைகிறது, அதனால் சூத்திரம் வரிசையைப் புரட்டிப் போடுகிறது. முதல் அடி கீழே என்றால் இரண்டாவது அடி மேலே. முன்பு சொன்ன குறுக்கு வழி காலை வாரும் இடம் இதுதான்.

ஆனால் ஏறி இறங்குவதெல்லாம் ஒருங்காது என்றும் முடிவுகட்ட முடியாது. c = −5, a₁ = 0 என்றால் 0, −1.25, −0.859, −1.065, −0.966, −1.017. −1-ஐச் சுற்றி இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நெருங்குகிறது. நிலைப்புள்ளிகள் 5-உம் −1-உம். ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 0, −0.859, −0.966 என்று ஒரு வரிசை இறங்குகிறது, −1.25, −1.065, −1.017 என்று இன்னொரு வரிசை ஏறுகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக நம் தேற்றம் செல்லும். ஆனால் இரண்டு எல்லையும் ஒன்றே என்று காட்டாமல் விட்டால் வேலை பாதியில் நிற்கும். −16 கணக்கிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த வரிசைகள் ஒருங்கத்தான் செய்தன, ஒன்று 0-க்கு, மற்றது −4-க்கு.

இங்கே நான் ஓரியல்பை விட்டுவிட்டு நேராகத் தூரத்தை அளக்கச் சொல்வேன்.

```
aₙ₊₁ + 1 = (aₙ + 1)(aₙ − 1) / 4
```

aₙ என்பது −1.25-க்கும் 0-க்கும் நடுவில் இருந்தால் அடுத்த உறுப்பு −1.25-க்கும் −0.859-க்கும் நடுவில் விழும். வேலி தாங்குகிறது. அதற்குள் |aₙ − 1| அதிகபட்சம் 2.25, நான்கால் வகுத்தால் 9/16. அதாவது −1-இலிருந்து இருக்கும் தூரம் ஒவ்வோர் அடியிலும் 9/16 மடங்கு அல்லது அதற்கும் குறைவு. தொடக்கத் தூரம் 1, ஆகவே n அடிக்குப் பின் தூரம் (9/16)ⁿ-ஐத் தாண்டாது. அது 0-க்குப் போகிறது, தொடர்முறை −1-க்கு ஒருங்குகிறது. ஏறுமுகமா இறங்குமுகமா என்ற கேள்வியே எழவில்லை.

கூடுதலாக ஒன்றும் கிடைக்கிறது. ஓரியல்புத் தேற்றம் ஒருங்கும் என்று சொல்லும், எத்தனை அடியில் என்று சொல்லாது. அதனால்தான் c = 4-இல் நான்கு வரி நிரூபணத்துக்கும் ஆயிரம் வரிசை விரிதாளுக்கும் நடுவில் அவ்வளவு தூரம். இங்கே (9/16)ⁿ < 0.001 ஆக n = 13 போதும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். பையன் விரிதாளில் போட்டுப் பார்த்து, பத்து அடியிலேயே வந்துவிட்டதே என்றான். −1-க்கு அருகில் |aₙ − 1|/4 என்பது 9/16 இல்லை, ஏறத்தாழ பாதி. அதனால்தான் அந்த மூன்று அடி மிச்சம்.